எதுக்களிக்கும் குழந்தையை மல்லாத்திப் படுக்க வைக்கலாமா?

எங்கள் மகள் பிறந்த சில வாரங்களிலேயே குடித்த பாலில் ஒரு பங்கைத் திரும்ப வெளியே விடத் தொடங்கிவிட்டாள். குடித்து முடித்ததும் கொஞ்சம், ஏப்பத்தோடு கொஞ்சம், படுக்க வைத்த பிறகு இன்னும் கொஞ்சம் என்று நாள் முழுவதும் எதுக்களித்துக்கொண்டே இருப்பாள். எடை சரியாக ஏறியது, கக்கிய பிறகும் சிரித்த முகமாகவே இருந்தாள். உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் உள்ள தசை வளையம் இன்னும் முதிராததால் வருவது இது, நோயன்று என்று குழந்தை நல மருத்துவர் சொல்லிவிட்டார். பகலில் எங்களுக்கு அச்சம் இல்லை. இரவில்தான் கேள்வி எழுந்தது: மல்லாந்து தூங்கும் குழந்தை பாலைக் கக்கினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடாதா? ஒருக்களித்துப் படுக்க வைத்தால் வழிந்து வெளியே வந்துவிடும் அல்லவா? என் மாமியார்தான் இதை வாய்விட்டுக் கேட்டார்; நாங்கள் இருவரும் மனத்திற்குள் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

மல்லாத்திப் படுக்க வைக்க வேண்டும், உறுதியான சமதளத்தில் படுக்க வைக்க வேண்டும், கட்டிலில் குழந்தையைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது என்னும் மூன்று விதிகளையும் பிரசவத்திற்கு முன்பே அறிந்திருந்தோம். ஆனால் எதுக்களிக்கும் குழந்தை இருக்கும் வீட்டில் இந்த மூன்றையும் தளர்த்துவதற்கு நியாயமான காரணம் போலத் தோன்றும் ஒன்று நாள்தோறும் முளைக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எப்படி எதிர்கொண்டோம் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் படுக்கும் நிலை. அடுத்த பரிசோதனையின்போது மாமியாரையும் உடன் அழைத்துச் சென்றோம். மருத்துவர் ஒரு தாளில் இரண்டு குழாய்களை வரைந்தார். மூச்சுக்குழாய் கழுத்தின் முன்புறம் இருக்கிறது. உணவுக்குழாய் அதற்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. குழந்தை மல்லாந்து படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் அமைகின்றன. இரைப்பையிலிருந்து திரும்பி வரும் பால் தொண்டையின் பின்புறத்தில், அதாவது தாழ்வான பக்கத்தில் தேங்கும். அது மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். பின்னர் தாளைத் தலைகீழாகத் திருப்பினார். குப்புறப் படுத்த குழந்தைக்கு மூச்சுக்குழாய் கீழே வந்துவிடுகிறது. மேலிருந்து வரும் பால் அதன் வாயிலிலேயே வந்து தேங்குகிறது. நாம் ஆபத்து என்று நினைக்கும் நிலையில் உடலமைப்பே காவலாக இருக்கிறது. பாதுகாப்பு என்று நினைக்கும் நிலையில் அந்தக் காவல் இல்லை.

இதோடு விழுங்குவதும் இருமுவதும் சேர்கின்றன. நலமாகப் பிறந்த குழந்தைக்குத் தொண்டையில் திரவம் பட்டவுடன் அதை விழுங்கவோ இருமி வெளியேற்றவோ செய்யும் அனிச்சைச் செயல் பிறவியிலேயே உண்டு. இரவில் எங்கள் மகள் தொண்டையைக் கனைத்து, முகத்தைச் சுளித்து, இருமுறை விழுங்கிவிட்டு மீண்டும் தூங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் முன்பு பதறுவோம். மருத்துவர் விளக்கிய பிறகு, அந்த ஒலியே காவல் வேலை செய்வதன் அடையாளம் என்று புரிந்தது. உலகின் பல நாடுகள் குழந்தைகளை மல்லாத்திப் படுக்க வைக்கும் வழக்கத்திற்கு மாறிய பின்னர், பால் புரையேறி இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடவில்லை என்பதையும் அவர் எடுத்துச் சொன்னார். குரல்வளையின் அமைப்பிலேயே குறையுள்ள மிகச் சில குழந்தைகளுக்கு மட்டும் வேறு முடிவு தேவைப்படலாம். அதையும் குழந்தையைப் பரிசோதித்த மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

மாமியார் விடவில்லை. "எங்கள் காலத்தில் டாக்டரே குப்புறப் போடச் சொன்னாரே?" என்று கேட்டார். அது உண்மையான கேள்வி. அதற்கு உண்மையான விடையும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவ நூல்களே பலவிடங்களில் குப்புறப் படுக்க வைக்கச் சொல்லின. 1980களின் இறுதியில்தான், நலமாக இருந்த குழந்தை காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே இறந்துவிடும் திடீர் சிசு மரணத்திற்கும் குப்புறப் படுப்பதற்கும் உள்ள தொடர்பு தெளிவாக வெளிப்பட்டது. பிரிட்டனில் 1991இல் இதற்கான பெரிய பிரச்சாரம் தொடங்கியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992இல் மல்லாந்த நிலையையோ ஒருக்களித்த நிலையையோ பரிந்துரைத்தது. 2005இல் ஒருக்களித்த நிலையும் பாதுகாப்பானதன்று என்று அறிவித்தது. அமெரிக்காவில் 1990களின் பத்தாண்டில் மட்டும் இவ்வகை மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. ஆகவே ஒரே வீட்டில் மூன்று தலைமுறையினர் மூன்று விதமான அறிவுரைகளைக் கேட்டிருக்கக்கூடும். ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்து மருத்துவர் சொன்னதாகவே இருக்கும். மாமியாரிடம் "நீங்கள் செய்தது தவறு" என்று யாரும் சொல்லவில்லை என்பதும், அறிவுரை எப்போது, ஏன் மாறியது என்று சொன்னதும்தான் அவரை ஏற்க வைத்தன என்று நினைக்கிறேன்.

ஒருக்களித்துப் படுப்பது நடுவழி போலத் தோன்றுவதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் படுக்க வைத்த குழந்தை அந்த நிலையில் நிலைத்து இருப்பதில்லை. கை ஒன்று முன்னே நகர்ந்தால் போதும், குப்புறக் கவிழ்ந்துவிடும். வழக்கமாக மல்லாந்து தூங்கிப் பழகிய குழந்தை ஒருநாள் மட்டும் குப்புறத் தூங்க நேர்வது, எப்போதும் குப்புறத் தூங்கும் குழந்தையின் நிலையைவிடவும் ஆபத்தானது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே இரவில் நாங்கள் மல்லாத்திப் போட்டு, பகல் உறக்கத்தின்போது வேறொருவர் ஒருக்களித்துப் போடுவது என்ற கலப்புமுறை மிகவும் மோசமான ஏற்பாடு. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவரும், ஒவ்வோர் உறக்கத்திற்கும், பகலோ இரவோ, ஒரே விதியைப் பின்பற்ற வேண்டும்.

குப்புறப் படுக்கும் குழந்தைக்கு என்ன நேர்கிறது என்பது தெரிந்தால் மற்ற இரண்டு விதிகளும் தாமாக விளங்கிவிடும். முகம் மெத்தையை ஒட்டி இருக்கும்போது, குழந்தை வெளியே விட்ட மூச்சுக்காற்று முகத்தருகே தேங்குகிறது. அதையே மீண்டும் உள்ளிழுக்கும்போது உயிர்வளி குறைந்து கரியமில வாயு கூடுகிறது. பெரியவர்களாகிய நாம் இந்நிலையில் உடனே விழித்துத் தலையைத் திருப்பிக்கொள்வோம். குப்புறத் தூங்கும் குழந்தையோ ஆழ்ந்து தூங்குகிறது, எளிதில் விழிப்பதில்லை. "குப்புறப் போட்டால் நன்றாகத் தூங்குகிறது" என்று சொல்வது உண்மைதான். ஆபத்தும் அந்த உண்மையில்தான் இருக்கிறது. உடல் வெப்பமும் அந்த நிலையில் எளிதில் வெளியேறுவதில்லை. விழித்தெழும் திறன் முதிராத சில குழந்தைகளுக்கு இது மீள முடியாத நிலையாகிவிடுகிறது. எந்தக் குழந்தை அத்தகையது என்று முன்கூட்டியே கண்டறிய வழியில்லை. திடீர் சிசு மரணம் மிகுதியாக நிகழ்வது இரண்டாம் மாதத்திற்கும் நான்காம் மாதத்திற்கும் இடையில்; பெரும்பாலானவை ஆறு மாதம் நிறைவதற்குள் நிகழ்கின்றன. எதுக்களித்தல் மிகுதியாக இருப்பதும், பெற்றோர் தூக்கமின்றித் தளர்ந்து எதையாவது முயன்று பார்க்கத் துணிவதும் அதே மாதங்களில்தான்.

அடுத்தது தளம். மெத்தை உறுதியாக இருக்க வேண்டும் என்றால் எவ்வளவு என்று தொடக்கத்தில் விளங்கவில்லை. உள்ளங்கையை அழுத்தி எடுத்தால் பள்ளம் உடனே மறைய வேண்டும். குழந்தையைப் படுக்க வைத்துத் தூக்கிய பிறகு தலையிருந்த இடத்தில் குழி தெரியக் கூடாது. எங்கள் பெரிய மெத்தையை இப்படி அழுத்திப் பார்த்தபோது கைத்தடம் மெல்ல மெல்லத்தான் நிரம்பியது. நமக்குச் சுகமாக இருப்பது குழந்தைக்கு எவ்வளவு மிருதுவானது என்று அப்போது கண்டோம். குழந்தைக் கட்டிலுக்கென அதே அளவில் செய்யப்பட்ட மெத்தையையே போட வேண்டும். மெத்தைக்கும் கட்டிலின் பக்கத்திற்கும் இடையே இரண்டு விரல்களுக்கு மேல் நுழைந்தால் அது பொருந்தாத மெத்தை, அந்த இடுக்கில் முகம் சிக்கக்கூடும். கட்டிலின் கம்பிகளுக்கு இடையே உள்ள இடைவெளி ஏறத்தாழ 6 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. குழந்தைக்குக் கடினமாக இருக்குமே என்று மேலே ஒரு போர்வையை மடித்து விரித்தால், உறுதியான மெத்தை வாங்கியதன் பயனே போய்விடும்.

எங்களுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் சாய்வுதான். எதுக்களிக்கும் குழந்தை என்று தெரிந்ததும் உறவினர் ஒருவர் தலைப்பக்கம் உயர்த்தும் சாய்வுத் திண்டு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். அதன் உறையில் எதுக்களிப்பைக் குறைக்கும் என்றே அச்சிட்டிருந்தது. மருத்துவர் அதைக் கட்டிலில் வைக்க வேண்டாம் என்றார். தலைப்பக்கத்தை உயர்த்துவதால் எதுக்களித்தல் குறைவதில்லை; மாறாக, குழந்தை சறுக்கிக் கீழே வந்து வளைந்து மடங்கிக் கிடக்கும். கழுத்து இன்னும் நிற்காத குழந்தையின் கனமான தலை முன்னால் சரிந்து, மோவாய் மார்பைத் தொடும்போது குறுகலான மூச்சுக்குழாய் மடங்கி அடைபடலாம். இது ஓசையின்றி நடக்கும். இருமலோ அழுகையோ இருக்காது. 10 பாகைக்கு மேல் சாய்ந்த தளம் தூங்குவதற்கு ஏற்றதன்று என்பது இன்றைய அளவுகோல். அதற்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளின் விற்பனையை அமெரிக்கா 2022இல் சட்டம் இயற்றியே தடை செய்தது. கடையில் விற்கிறது என்பது பாதுகாப்புக்குச் சான்றன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இதே காரணம் காரில் பொருத்தும் குழந்தை இருக்கைக்கும் ஊஞ்சல் இருக்கைக்கும் பொருந்தும். பயணத்தில் கார் இருக்கை கட்டாயம் தேவை, அதில் குழந்தை தூங்குவதும் இயல்பு. ஆனால் வண்டி நின்றதும், தூக்கம் கலைந்தாலும் பரவாயில்லை என்று எடுத்துச் சமதளத்தில் போட வேண்டும். எங்கள் மகள் சாய்ந்த இருக்கையில் குறைவாகக் கக்குவது போலத் தோன்றியதால், அவளை அப்படியே வீட்டிற்குள் தூக்கி வந்து தூங்க விடும் ஆசை எங்களுக்கும் பலமாகவே எழுந்தது.

எதுக்களிப்புக்கு உண்மையில் உதவியது விழித்திருக்கும்போது செய்ததுதான். சிறிது சிறிதாகப் பால் கொடுத்தோம், நடுவில் நிறுத்தி ஏப்பம் விட வைத்தோம், குடித்து முடித்த பிறகு 20 முதல் 30 நிமிடம் வரை தோளில் நிமிர்த்தி வைத்திருந்தோம், அதன் பிறகே படுக்க வைத்தோம். இருந்தும் முழுவதும் நின்றுவிடவில்லை. கக்குவது பச்சை நிறமாக இருந்தாலோ, இரத்தம் கலந்திருந்தாலோ, பீய்ச்சியடித்தாற்போல வந்தாலோ, எடை ஏறாவிட்டாலோ, மூச்சுத் திணறி உதடு நீலமானாலோ அது வேறு நோயாக இருக்கலாம், காத்திருக்காமல் வர வேண்டும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

அந்த 20 நிமிடத்திற்குள் ஒரு கண்ணி இருக்கிறது. அதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களே உணர்ந்தோம். பின்னிரவில் குழந்தையை மார்பில் சாய்த்துச் சோபாவில் அமர்ந்திருப்பவருக்குத் தூக்கம் வராமல் இருக்காது. சோபாவிலும் கைவைத்த நாற்காலியிலும் குழந்தையோடு தூங்கிவிடுவது, பெரியவர் கட்டிலில் தூங்கிவிடுவதைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. திண்டுக்கும் உடலுக்கும் இடையே குழந்தை நழுவி முகம் புதைந்துவிடும். எதுக்களிப்பைத் தவிர்ப்பதற்காக அதைவிடப் பெரிய ஆபத்தை வரவழைத்துக்கொள்ளலாகாது. ஆகவே சோபாவில் அமர்வதில்லை என்று முடிவு செய்தோம். பால் கொடுத்தவர் படுக்கப் போக, மற்றவர் எழுந்து குழந்தையைத் தோளில் போட்டு அறைக்குள் நடந்தோம். தனியாக இருக்கும் இரவில் கண் சொருகத் தொடங்கினால், நேரம் நிறைவதற்கு முன்பே கட்டிலில் மல்லாத்திப் போட்டுவிடுவதே மேல். கொஞ்சம் கக்கினால் விரிப்பை மாற்றிக்கொள்ளலாம். குழந்தைக் கட்டில் எங்கள் அறையிலேயே, கை எட்டும் தொலைவில் இருந்ததால் இது எளிதாயிற்று. குறைந்தது முதல் ஆறு மாதங்களுக்கு இப்படி ஒரே அறையில், ஆனால் தனிப் படுக்கையில் வைத்திருப்பதே பரிந்துரைக்கப்படும் முறை.

கட்டிலில் எது இருக்கக் கூடாது என்னும் பட்டியல் எல்லாருக்கும் தெரிந்தது: தலையணை, போர்வை, பொம்மை, கட்டிலின் உட்புறம் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு, குழந்தை புரளாமல் அணைத்து வைக்கும் திண்டுகள். இவற்றைத் தவிர்ப்பது எங்களுக்குச் சிரமமாக இல்லை, வாங்காமலே விட்டோம். உள்ளே நுழையப் பார்த்தவை வேறு. கக்கினால் விரிப்பு நனையாமல் இருக்கத் தலைக்கடியில் ஒரு துண்டு, வாயருகே ஒரு துடைக்கும் துணி, கழுத்தில் கட்டிய பால்துணி ஆகிய மூன்றும் எதுக்களிக்கும் குழந்தையின் கட்டிலுக்கு ஒவ்வோர் இரவும் வந்து சேர்பவை. மூன்றும் தளர்வான துணிகள்; மூன்றும் முகத்தின் மேல் ஏறக்கூடியவை; பால்துணிக்குக் கழுத்தை இறுக்கும் கயிறும் உண்டு. குழந்தையின் கைகள் துணியை முகத்தின் மேல் இழுத்துப் போடப் பழகிவிடும். அதை விலக்கும் திறமை வர மாதங்கள் ஆகும்.

இதற்கு நாங்கள் கண்ட வழி, மெத்தையின் மேல் நீர் ஊறாத மெல்லிய உறையை இழுத்துப் போர்த்தி, அதன் மேல் நான்கு மூலைகளிலும் இறுகப் பொருந்தும் விரிப்பைப் போடுவது. நனைந்தால் விரிப்பை மட்டும் உருவி வேறொன்றைப் போட்டோம். அதற்காகக் கூடுதல் விரிப்புகளும் துடைக்கும் துணிகளும் கட்டிலுக்கு வெளியே தயாராக இருந்தன. படுக்க வைக்கும் முன் பால்துணியை அவிழ்ப்பதை, விளக்கை அணைப்பது போல மாறாத கடமையாக வைத்துக்கொண்டோம். போர்வைக்குப் பதில் கைகள் வெளியே இருக்கும் உறக்கப் பை உடுத்தினோம். வீட்டிற்குள் தொப்பி அணிவிக்கவில்லை, ஏனெனில் குழந்தையின் வெப்பம் பெருமளவு தலைவழியே வெளியேறுகிறது. குளிராக இருக்குமோ என்ற ஐயம் வந்தால் கையையும் காலையும் தொட்டுப் பார்த்துப் பயனில்லை, அவை எப்போதும் சில்லென்றிருக்கும். மார்பையோ பிடரியையோ தொட வேண்டும். அங்கே வியர்த்திருந்தால் ஓர் அடுக்கு ஆடை மிகுதி.

மல்லாந்தே படுத்திருந்தால் பின்மண்டை தட்டையாகும் என்ற கவலைக்குத் தலையணை தீர்வன்று. விழித்திருக்கும்போது, அருகிலேயே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, குப்புறப் படுக்க வைத்து விளையாட விட வேண்டும்; தூங்கப் போடும்போது ஓர் இரவு வலப்பக்கமும் மறு இரவு இடப்பக்கமும் முகம் திரும்பியிருக்குமாறு செய்யலாம். பால் குடித்த உடனே குப்புறப் போட்டால் அவ்வளவும் வெளியே வந்துவிடும் என்பதால், எங்கள் வீட்டில் இந்த விளையாட்டு எப்போதும் அடுத்த பாலுக்குச் சற்று முன்புதான் நடந்தது.

நான்காம் மாதத்தை நெருங்கியபோது மகள் பக்கவாட்டில் புரள முயன்றாள். தொடக்க வாரங்களில் துணியால் சுற்றிப் படுக்க வைப்பவர்கள் அந்த முதல் முயற்சியைக் கண்டவுடன் சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும். கைகள் கட்டுண்ட நிலையில் கவிழ்ந்தால் தலையைத் தூக்க ஊன்றுகோல் இராது. சில வாரங்கள் கழித்து மல்லாந்த நிலையிலிருந்து குப்புறவும், குப்புறவிருந்து மல்லாந்தும் தானே புரளத் தெரிந்துகொண்டாள். அதன் பிறகு அவளே கவிழ்ந்து தூங்கினால் எழுப்பித் திருப்ப வேண்டியதில்லை என்றார் மருத்துவர், ஏனெனில் இரு பக்கமும் புரளும் வலிமை வந்த குழந்தைக்குத் தலையை விலக்கிக்கொள்ளும் வலிமையும் வந்திருக்கும். ஆனால் ஒரு வயது நிறையும் வரை ஒவ்வொரு முறையும் நாம் மல்லாத்தியே படுக்க வைக்க வேண்டும். கட்டில் வெறுமையாக இருக்க வேண்டிய தேவையும் அப்போது குறைவதில்லை, கூடுகிறது: புரளும் குழந்தை இரவில் கட்டிலின் எல்லா மூலைகளுக்கும் போய் வருகிறது, ஒரு மூலையில் கிடக்கும் துணி இனி தொலைவில் இல்லை.